பக்க வேலை, ஃப்ரீலான்ஸ் வேலை: எதற்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊழியர்களின் வெளிவேலை பற்றி அனுப்பிய அறிவிப்பு ஒன்றரைப் பக்கம்தான். அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகள் அதைவிட நீளம். திரும்பத் திரும்ப வந்தவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கீழே போட்டிருக்கிறோம். பலரும் நேரத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். ஆனால் வழக்கு, நோட்டீஸ் என்று போகும் சிக்கல்களில் பெரும்பாலானவை செய்த வேலை யாருக்குச் சொந்தம் என்ற இடத்தில் கிளம்புகின்றன. அதனால் அந்தப் பகுதி மட்டும் கொஞ்சம் நீண்டிருக்கிறது.

சுத்தி வளைக்காம சொல்லுங்க. வெளியே வேலை செய்யலாமா, கூடாதா?

செய்யலாம். பெரும்பாலானவற்றுக்கு முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், சிலவற்றுக்கு எதுவும் வேண்டாம், மிகச் சில அறவே கூடாது. கூடாதவற்றைச் சொல்லிவிடுகிறோம்: நம் போட்டி நிறுவனத்துக்கு வேலை செய்வது, நம் வாடிக்கையாளருக்கு, நாம் விற்கும் அதே சேவையைத் தனியாகச் செய்து கொடுப்பது, நமக்குப் பொருளோ சேவையோ தருகிறவர்களிடம் காசு வாங்கிக்கொண்டு வேலை செய்வது, ஆபீஸ் நேரத்தில் வெளிவேலை செய்வது. இவற்றுக்கு விண்ணப்பம் போட்டாலும் பதில் ஒன்றுதான்.

எதையெல்லாம் சொல்லாமலே செய்யலாம்?

பங்குகளில் முதலீடு, வீட்டை வாடகைக்கு விடுவது, நிர்வாகத்தில் தலையிடாமல் குடும்பத் தொழிலில் பங்கு வைத்திருப்பது, கதை கவிதை எழுதுவது, பாடுவது, வரைவது, சங்கங்களிலும் தொண்டு அமைப்புகளிலும் சம்பளமில்லாமல் உழைப்பது. கதைப் புத்தகம் விற்று ராயல்டி வந்தால்கூட எங்களிடம் சொல்ல வேண்டியதில்லை. வாழ்த்தத் தோன்றினால் வாங்கிப் படிப்போம்.

கல்லூரியில் ஒரு நாள் பேசிவிட்டு வருவதற்கு அனுமதி வேண்டாம், மேலாளருக்கு ஒரு வரி மெயில் போதும். அதுவே வாரா வாரம் வகுப்பு எடுக்கும் வேலையாக மாறினால் விண்ணப்பம் வேண்டும்.

காசே வாங்காம நண்பனுக்கு ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்தா அதுக்குமா அனுமதி?

நண்பரின் தொழில் நம் தொழிலோடு சம்பந்தமில்லாதது, நீங்கள் செய்வதும் உங்கள் ஆபீஸ் வேலையோடு சம்பந்தமில்லாதது என்றால் வேண்டாம். ஏதாவது ஒன்று சம்பந்தப்பட்டாலும் வேண்டும். போட்டி நிறுவனத்துக்கு இலவசமாகச் செய்தாலும் அது போட்டி நிறுவனத்துக்குச் செய்த வேலைதான். சம்பளத்துக்குப் பதிலாக அந்தக் கம்பெனியில் பங்கு தருகிறேன் என்று நண்பர் சொன்னால் அதையும் ஊதியமாகவே எடுத்துக்கொள்வோம். “இப்போதைக்குக் காசு இல்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்பதும் அப்படித்தான்.

என் சொந்த நேரம், என் சொந்த லேப்டாப். இதுல கம்பெனிக்கு என்ன வந்தது?

நியாயமான கேள்வி. பல நாடுகளின் சட்டம் உங்கள் பக்கம் கணிசமாகவே சாய்ந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/1152 நெறியாணை, வேலை நேரத்துக்கு வெளியே இன்னொருவரிடம் வேலை செய்வதை முதலாளி பொத்தாம்பொதுவாகத் தடுக்கக்கூடாது என்கிறது. ஜப்பான் அரசு முதலாளிகளுக்கு வெளியிடும் மாதிரி வேலை விதிகளில் பக்க வேலைக்கு இருந்த பொதுத் தடையை 2018-இல் எடுத்துவிட்டு, தெரிவித்துவிட்டுச் செய்யலாம் என்று மாற்றினார்கள். கலிஃபோர்னியாவின் தொழிலாளர் சட்டம் 2870-ஆம் பிரிவின்படி, முழுக்கத் தன் சொந்த நேரத்தில், முதலாளியின் கருவியையோ ரகசியத்தையோ பயன்படுத்தாமல் ஊழியர் கண்டுபிடித்ததை முதலாளி எடுத்துக்கொள்ள முடியாது.

ஆனால் இவை எதுவுமே நிபந்தனையில்லாமல் இல்லை. ஐரோப்பிய விதி ரகசியக் காப்பு, நல முரண், உடல்நலப் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காகக் கட்டுப்பாடு விதிக்க உறுப்பு நாடுகளை அனுமதிக்கிறது. கலிஃபோர்னியச் சட்டமும் அந்தக் கண்டுபிடிப்பு முதலாளியின் தொழிலோடு தொடர்புடையதாக இருந்தால் பாதுகாப்பை விலக்கிக்கொள்கிறது. ஆக, நேரமும் லேப்டாப்பும் உங்களுடையவை என்பது பாதிக் கணக்குதான். மீதிப் பாதி, செய்தது என்ன என்பது. எங்கள் விண்ணப்பப் படிவமும் அந்த மீதிப் பாதியைத்தான் அதிகம் கேட்கிறது.

நான் ராத்திரி உட்கார்ந்து எழுதின கோட் எப்படி கம்பெனிக்குச் சொந்தமாகும்?

எல்லாம் ஆகாது. உங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்து, படைப்புரிமை பற்றிய பத்தியைப் பாருங்கள். வேலையின் ஒரு பகுதியாகச் செய்தது, கம்பெனி வசதியைப் பயன்படுத்திச் செய்தது, கம்பெனியின் தொழிலோடு தொடர்புடையது என மூன்று வகை அதில் இருக்கும். மூன்றில் எதில் விழுந்தாலும் உரிமை கம்பெனிக்கு என்று நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். இரவா பகலா என்பது அந்தப் பத்தியில் எங்கும் இல்லை.

இப்போது வெளி க்ளையன்ட் தரும் ஒப்பந்தத்தைப் பாருங்கள். ஃப்ரீலான்ஸ் ஒப்பந்தங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் மூன்று வாக்கியங்கள் வேறு வேறு சொற்களில் இருக்கும். ஒன்று, செய்து கொடுத்த எல்லாமே க்ளையன்டுக்குச் சொந்தம். இரண்டு, இதன்மீது வேறு யாருக்கும் எந்த உரிமையும் இல்லை என்று நீங்கள் உறுதி தருகிறீர்கள். மூன்று, யாராவது பின்னால் உரிமை கேட்டு வந்தால் ஆகும் செலவையும் நஷ்டத்தையும் நீங்கள் ஏற்கிறீர்கள்.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சிக்கல் தெரிந்துவிடும். ஒரே கோடை இரண்டு பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். கம்பெனி வாயே திறக்காவிட்டாலும் க்ளையன்டுக்கு நீங்கள் தந்த உறுதி பொய்யாகிவிட்டது. அந்த க்ளையன்ட் நாலு வருடம் கழித்துத் தன் தொழிலை விற்கப் போவார். வாங்க வருகிறவரின் வக்கீல், “இந்தக் கோட் எழுதியவர் அப்போது எங்கே வேலையில் இருந்தார்?” என்று கேட்பார். வாங்குகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது. அந்த நேரத்தில் க்ளையன்ட் உங்களைத் தேடி வருவார், மூன்றாவது வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு.

எங்கள் அனுமதிக் கடிதத்தால் உங்களுக்குக் கிடைக்கும் பெரிய நன்மை இங்கேதான். “இந்த வேலையில் உருவாகும் எதன்மீதும் நிறுவனம் உரிமை கோராது” என்று அதில் ஒரு வரி இருக்கும். க்ளையன்டுக்கு நீங்கள் தருகிற உறுதிக்கு அதுதான் பிடிமானம். அந்த வரி இல்லாமல் அனுமதி வந்தால் கேட்டு வாங்குங்கள்.

ஒரு உதாரணத்தோட சொன்னா நல்லா இருக்கும்.

நம் பில்லிங் மென்பொருள் குழுவில் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வரி கணக்கிடும் பகுதியையும் பில் அச்சிடும் பகுதியையும் அவர் பார்த்துக்கொள்கிறார். தெரிந்த பல் மருத்துவர் ஒருவர், நோயாளிகள் நேரம் பதிவு செய்ய ஒரு வெப்சைட் வேண்டும் என்கிறார். வார இறுதியில் 5 மணி நேரம், மூன்று மாதம், மொத்தமாக ஒரு தொகை. விண்ணப்பம் வருகிறது.

க்ளினிக் நம் வாடிக்கையாளரா? இல்லை. நேரம் பதிவு செய்யும் மென்பொருள் நாம் செய்கிறோமா? இல்லை. வாரம் 5 மணி நேரம் அதிகமா? இல்லை. இதுவரை எல்லாம் சரி. விண்ணப்பத்தோடு அவர் இணைத்த வேலைப் பட்டியலைப் புரட்டினால் கடைசி வரியில், “சிகிச்சை முடிந்ததும் பில் அச்சிடும் வசதி” என்று இருக்கிறது. அவருக்கு அது இரண்டு மாலை வேலை, தினமும் செய்வதுதானே. மருத்துவரும் அதனால்தான் “அப்படியே இதையும்...” என்று சேர்த்திருப்பார்.

முழுச் சிக்கலும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். பில்லில் மூன்று பொருள், ஒவ்வொன்றுக்கும் வரி 0.335. ஒவ்வொரு பொருளின் வரியையும் தனித்தனியாக இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கினால் 0.34 மூன்று முறை, மொத்தம் 1.02. முதலில் கூட்டிவிட்டுக் கடைசியில் முழுமையாக்கினால் 1.005 என்பது 1.01 ஆகும். எந்த இடத்தில் முழுமையாக்குவது, பொருளைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 0.01 யார் கணக்கில் போவது என்பதையெல்லாம் வாடிக்கையாளர் புகார்களைப் பார்த்துப் பார்த்து ஒரு குழுவே தீர்மானித்திருக்கும். அவர் ஒரு வரியைக்கூடக் காப்பி அடிக்க மாட்டார். ஆனால் வீட்டில் உட்கார்ந்து அதே பகுதியை எழுதும்போது கை தானாக அதே வழியில் போகும். பிறகு இரண்டையும் வரிசையாக வைத்துப் பார்க்கிறவருக்கு எது நினைவு, எது நகல் என்று பிரித்துக் காட்ட முடியாது.

அதனால் பதில் இப்படிப் போகும்: பதிவு வெப்சைட்டுக்கு அனுமதி, பில் பகுதிக்கு இல்லை. க்ளினிக் அதற்குச் சந்தையில் கிடைக்கும் ஏதாவது ஒரு பில்லிங் மென்பொருளை வாங்கிக்கொள்ளட்டும். அதை இணைத்துக் கொடுப்பதையும் அவர் செய்ய வேண்டாம். பதிவு வெப்சைட்டின்மீது நிறுவனம் உரிமை கோராது என்ற வரியோடு கடிதம் போகும். அந்த வேலைப் பட்டியலின் நகலும் கடிதத்தோடு இணைக்கப்படும், கடைசி வரி அடிக்கப்பட்ட நிலையில்.

ஆறு வாரம் கழித்து மருத்துவர் இன்னொன்று கேட்கிறார்: மாத வருமான அறிக்கை, வரியும் பிரித்துக் காட்ட வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். அனுமதி வாங்கியாயிற்று என்ற நினைப்பில் செய்து கொடுத்துவிடுவார்கள். அவர் செய்ய வேண்டியது எங்களுக்கு ஒரு வரி மெயில். எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை அறிக்கை என்றால் சரி என்போம், வரிப் பகுதி வேண்டாம் என்போம். புதிய விண்ணப்பம் எல்லாம் தேவையில்லை.

வேலையில சேர்றதுக்கு முன்னாடியே நான் எழுதி வச்சிருந்தது என்ன ஆகும்?

அது உங்களுடையது. சேரும்போது தந்த ஒப்பந்தத்தின் பின்னால் “முன்பே உருவாக்கியவை” என்று ஒரு காலிப் பட்டியல் இருந்திருக்கும். பலரும் அதில் ‘இல்லை’ என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், அவசரத்தில். இப்போதும் திருத்தித் தரலாம். திட்டத்தின் பெயர், இரண்டு வரி விளக்கம், எப்போது தொடங்கியது, அதற்கு ஆதாரமாகத் தேதியோடு ஏதாவது ஒன்று இருந்தால் போதும். கோடை எங்களிடம் காட்ட வேண்டாம். காட்டாமல் இருப்பதே இரு தரப்புக்கும் நல்லது.

ஒரு எச்சரிக்கை. அந்தப் பழைய கோடை ஆபீஸ் வேலையில் எடுத்துப் பயன்படுத்தாதீர்கள். வசதியாக இருக்கிறதே என்று நுழைத்துவிட்டால், அடுத்த வருடம் அந்தத் துண்டை நீங்கள் வேறொருவருக்கு விற்கும்போது யாருக்கும் தூக்கம் வராது.

ஓபன் சோர்ஸ்ல பங்களிக்கிறது பக்க வேலையா?

வேலையில் பயன்படுத்தும் நூலகத்தில் கண்ட பிழையைத் திருத்தி அனுப்புவது உங்கள் வேலையின் பகுதி. குழுத் தலைவருக்குத் தெரிந்தால் போதும். தொடர்பே இல்லாத திட்டத்தில் சொந்த நேரத்தில் எழுதுவதற்கு எதுவும் வேண்டாம். நம் தொழிலோடு தொடர்புள்ள ஒன்றை நீங்களே தொடங்கி வெளியிடுவதானால் மட்டும் முன்பே கேளுங்கள். வெளியிட்ட பிறகு அந்த உரிமத்தைத் திரும்பப் பெறுவது நடைமுறையில் முடியாத காரியம். சில திட்டங்கள் பங்களிப்பாளர் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்துக் கேட்கும். அதில் “என் முதலாளி அனுமதித்திருக்கிறார்” என்ற வாக்கியம் இருக்கும். அனுமதி இல்லாமல் அதில் டிக் அடிக்காதீர்கள்.

ஆபீஸ் லேப்டாப்ல ராத்திரி ஒரு அரை மணி நேரம் பார்த்தா யாருக்குத் தெரியப் போகுது?

உங்கள் க்ளையன்டுக்குத் தெரியும். கிட் ஒவ்வொரு கமிட்டிலும் எழுதியவரின் பெயர், மெயில் முகவரி, நேரம் மூன்றையும் பதிந்து வைக்கிறது. ஆபீஸ் லேப்டாப்பில் பொதுவாக ஆபீஸ் மெயில்தான் அமைக்கப்பட்டிருக்கும். அந்த அரை மணி நேரக் கமிட் க்ளையன்டின் களஞ்சியத்தில் நம் கம்பெனி முகவரியோடு போய் உட்கார்ந்துகொள்ளும். இப்படி ஒரு கட்டளை கொடுத்தால் யாரும் பார்க்கலாம்:

```
git log --format='%an %ae %ad'
```

முன்னால் சொன்ன வாங்குபவரின் வக்கீல் இதைத்தான் ஓட்டிப் பார்க்கச் சொல்வார். அப்புறம், மேலே சொன்ன மூன்று வகையில் ‘கம்பெனி வசதியைப் பயன்படுத்தியது’ என்பதில் அந்தத் துண்டு விழுந்துவிடும், அனுமதிக் கடிதம் இருந்தாலும்கூட. எங்கள் கடிதம் சொந்தக் கருவியில் செய்யும் வேலைக்கு மட்டும்தான் செல்லும். சொந்த லேப்டாப்பில் தொடங்கும்போதே மெயிலைச் சரிபார்த்துவிடுங்கள்:

```
git config user.email
```

எழுத்து, வடிவமைப்பு வேலை செய்கிறவர்களுக்கும் இது உண்டு. ஆவணத்தின் பண்புகளில் ஆசிரியர் பெயர், நிறுவனத்தின் பெயர் என்று பதிவாகியிருக்கும். ஆபீஸ் உரிமத்தில் வாங்கிய எழுத்துருவையும் படங்களையும் வெளி க்ளையன்டுக்குப் பயன்படுத்துவது இன்னும் மோசம். அங்கே மூன்றாவதாக ஒரு ஆள் நோட்டீஸ் அனுப்புவார்.

விண்ணப்பத்தில் என்ன எழுதணும்? எத்தனை நாள் ஆகும்?

யாருக்கு, என்ன வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எப்போது முடியும், ஊதியம் உண்டா என்பவை போதும். எவ்வளவு என்று கேட்க மாட்டோம். அது எங்களுக்கு வேண்டாத விவரம். “ஐ.டி. ஆலோசனை” என்று ஒரு வார்த்தையில் எழுதாதீர்கள். க்ளையன்ட் தந்த வேலைப் பட்டியல் இருந்தால் அப்படியே இணையுங்கள். முதலில் உங்கள் மேலாளர் பார்ப்பார், அப்புறம் மனிதவளப் பிரிவு, படைப்புரிமை சம்பந்தப்பட்டால் சட்டப் பிரிவு. 10 வேலை நாளில் பதில் வரும். வராவிட்டால் நினைவூட்டுங்கள். பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மேலாளர் வாய்வார்த்தையா சரின்னு சொல்லிட்டாரு. போதாதா?

போதாது. அவர் நல்ல மனதோடு சொல்லியிருப்பார். ஆனால் நிறுவனத்தின் உரிமையை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. தவிர, அவர் வேறு குழுவுக்குப் போய்விட்டால் அந்தச் சரியும் அவரோடு போய்விடும்.

க்ளையன்ட் பெயரைச் சொல்லக்கூடாதுன்னு ரகசிய ஒப்பந்தம் போட்டிருக்கேனே?

அதில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எங்களிடம் வந்திருந்தால் சுலபம்: “என் முதலாளியிடம் நலமுரண் சோதனைக்காகத் தெரிவிக்கலாம்” என்று ஒரு விலக்கு சேர்க்கச் சொல்லியிருப்போம். பெரும்பாலான க்ளையன்டுகள் மறுப்பதில்லை. ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் அந்த விலக்கைக் கேட்டு இப்போது ஒரு மெயில் அனுப்புங்கள். மறுத்தால், பெயர் தெரியாத ஒருவருக்கு எங்களால் அனுமதி தர முடியாது. அவர் போட்டி நிறுவனமா இல்லையா என்பதே தெரியாதே.

மறுத்துட்டா மேல்முறையீடு உண்டா?

உண்டு. காரணத்தை எழுத்தில் தருவோம், அதைப் பார்த்துவிட்டு 15 நாளில் மறுபரிசீலனை கேட்கலாம். முதலில் முடிவெடுத்தவர் அல்லாத ஒருவர் பார்ப்பார். பெரும்பாலும் முழு வேலையும் சிக்கலாக இருக்காது, க்ளினிக் உதாரணத்தில் பார்த்த மாதிரி ஒரு பகுதிதான் இடிக்கும். அதை வெட்டி, திருத்திய பட்டியலோடு வந்தால் வேலை முடிந்தது. “ஆபீஸ் வேலையில் கவனம் குறையும்” என்ற பொதுக் காரணத்தை மட்டும் சொல்லி மேலாளர் மறுத்திருந்தால் அவசியம் மேல்முறையீடு செய்யுங்கள். வேலையில் குறை இருந்தால் அதைத் தனியாகப் பேச வேண்டும், பக்க வேலையின் தலையில் கட்டக்கூடாது.

ஏற்கெனவே சொல்லாம ஒரு வருஷமா செஞ்சிட்டு இருக்கேன். இப்போ சொன்னா மாட்டிக்குவேனா?

அறிவிப்பு வந்த நாளிலிருந்து 60 நாள் அவகாசம் இருக்கிறது. அதற்குள் தெரிவிப்பவர்கள்மீது தெரிவிக்காமல் இருந்ததற்காக நடவடிக்கை கிடையாது. போட்டி நிறுவனத்துக்குச் செய்தது, நம் ரகசியத் தகவலைப் பயன்படுத்தியது ஆகிய இரண்டுக்கும் இந்த விலக்கு பொருந்தாது. தெரிவிக்கும்போது பழைய கமிட்களைத் திருத்துவது, தேதியை மாற்றுவது, கோப்புகளை அழிப்பது எதையும் செய்யாதீர்கள். சாதாரணமாகச் சரிசெய்யக்கூடிய விஷயத்தை ஒழுங்கு நடவடிக்கையாக மாற்றுவது பெரும்பாலும் அந்த அழிப்புதான். ஆபீஸ் கருவியில் செய்த பகுதி இருந்தால் எந்தப் பகுதி என்று சொல்லுங்கள். அதற்கு உரிமை விடுவிப்புக் கடிதம் தர முடியுமா என்று சட்டப் பிரிவு பார்க்கும்.

கொடுத்த அனுமதியை நடுவுல ரத்து பண்ணுவீங்களா?

அனுமதி ஒரு வருடத்துக்குச் செல்லும். அதற்குள் மூன்று காரணங்களால் மறுபடி பார்க்க வேண்டி வரலாம்: நீங்கள் வேறு குழுவுக்கு மாறினால், வேலையின் அளவோ தன்மையோ மாறினால், உங்கள் க்ளையன்ட் நம் வாடிக்கையாளராகவோ போட்டியாளராகவோ ஆகிவிட்டால். மூன்றாவது உங்கள் கையில் இல்லை, ஆனாலும் நடக்கும். ரத்து செய்ய நேர்ந்தால் 30 நாள் முன்னறிவிப்பு தருவோம்; அதுவரை முடித்த வேலைக்குக் கொடுத்த விடுவிப்பு அப்படியே இருக்கும்.

அந்த 30 நாள் உங்களுக்குப் பயன்பட வேண்டுமானால் க்ளையன்டோடு போடும் ஒப்பந்தத்தில் இப்போதே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: 30 நாள் முன்னறிவிப்போடு எந்தத் தரப்பும் விலகலாம், அதுவரை முடித்த வேலைக்கு மட்டும் பணம். வேலை முடிந்தால்தான் மொத்தத் தொகையும் என்று கையெழுத்துப் போட்டவர்களுக்கு இந்த ரத்து மிகவும் வலிக்கும். வரியை எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் விண்ணப்பத்தோடு கேளுங்கள், சட்டப் பிரிவில் மாதிரி வாக்கியம் தயாராக இருக்கிறது.